பாதை சங்கத்துடையது, கேபிள் அவரவருடையது

எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கேட்பது ஒன்றுதான். வீடுகளுக்கு வரும் இணையக் கேபிள்கள் எல்லாம் இனிமேல் கட்டடத்துக்குள் ஒரே வழியால் வரவேண்டும், அந்த வழியைச் சங்கமே அமைத்துத் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். கடிதம் இரண்டு பக்கம். கூட்டத்தில் வாசிக்கப்போகும் கடிதம் அதைவிட நீளக்கூடாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இருக்கும் காரணத்தை இங்கே எழுதுகிறேன். திருகோணமலையில் எங்களைப் போல நாலைந்து மாடிக் கட்டடங்களில் இருக்கும் மற்றவர்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். கீழே வாகனத் தரிப்பிடம், மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு, மொத்தம் 16 வீடுகள். மேற்கே தெரு, கிழக்கே கடல். கம்பம் தெருவோரம் நிற்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு கேபிளும் தனக்குத் தோன்றிய வழியால் வருகிறது. சில பல்கனிக் கம்பியில் சுற்றி ஏறுகின்றன. சில மொட்டைமாடிக்குப் போய் அங்கிருந்து கீழே இறங்குகின்றன. கடல் பக்க வீடுகளுக்குப் போகிறவை கட்டடத்தைப் பாதி சுற்றி வருகின்றன. இணைப்புக் கொடுக்க வருகிற டெக்னீசியனைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் ஒரு வழியைக் காட்டவில்லை. கையில் ஏணியும் துளைபோடும் மெஷினும் இருக்கின்றன, அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிறது, எது கிட்டவோ அதால் இழுக்கிறார்.

பார்க்க அழகில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் கடிதம் எழுதியது அழகுக்காக இல்லை. இரண்டாம் மாடியில் கடல் பக்கம் இருக்கும் அக்காவின் வீட்டில் நடந்ததுதான் காரணம்.

அவர் வீட்டில் மழை பெய்தால் இணையம் போய்விடும், மழை விட்டால் திரும்பி வரும். வாடைக்காலம் முழுக்க இதே கதை. கேபிளுக்குள் தண்ணீர் போகிறது என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். முறைப்பாடு சொன்னால் மழை விட்ட பிறகு ஆள் வரும், அளந்து பார்க்கும், எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போகும். ஒருநாள் மழை நேரம் நான் அங்கே இருந்தபோது ஃபைபர் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அதில் `Rx Power` என்று ஒரு வரி இருக்கும். கம்பத்திலிருந்து வரும் வெளிச்சம் எவ்வளவு வலுவோடு வந்து சேர்கிறது என்பதை அது சொல்லும். வழக்கமாக அங்கே `-21 dBm` என்று இருந்தது. அது நல்ல அளவு. வீடுகளுக்குக் கொடுக்கும் சாதாரண ஃபைபர் ரவுட்டர்கள் ஏறத்தாழ `-27` வரை தாக்குப்பிடிக்கும். அன்று மழையில் அது `-28` என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில், வெளிச்சம் வந்து சேரவில்லை என்று காட்டும் `LOS` விளக்கு சிவந்தது.

இந்த எண்ணிக்கையில் 7 டெசிபெல் குறைவது சின்ன விஷயம் இல்லை. வந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று அர்த்தம். மழைத்தண்ணீர் பட்ட உடனே ஃபைபரில் வெளிச்சம் இப்படிக் குறையாது, அது கண்ணாடி. அப்படியானால் மழை வரும்போது வீட்டில் வேறு என்ன மாறுகிறது என்று பார்த்தோம். யன்னலைச் சாத்துகிறார்கள். கேபிள் அந்த அலுமினிய நகர் யன்னலின் தண்டவாளத்துக்குள்ளால்தான் உள்ளே வந்திருந்தது. யன்னலை முழுக்கச் சாத்தினால் கதவின் விளிம்பு கேபிளை நசுக்கி மடக்கும். இரண்டு விரல் அகலம் திறந்தவுடன் எண் மறுபடி `-21`க்கு வந்தது.

ஃபைபருக்கு வளைவு ஒத்துவராது. வெளிச்சம் கண்ணாடி இழைக்குள் ஓரங்களில் பட்டுத் திரும்பித் திரும்பித்தான் போகிறது. இழை இறுக்கமாக மடங்கினால் அந்த இடத்தில் வெளிச்சம் திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். பழைய வகை இழையை 30 மில்லிமீற்றர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக்கூடாது. இப்போது வீடுகளுக்கென்று வரும் ஜி.657 ஏ2 என்ற வகை 7.5 மில்லிமீற்றர் வரை பொறுக்கும். யன்னல் விளிம்பு மடக்குவதோ ஒன்றிரண்டு மில்லிமீற்றரில். எந்த வகையும் அதைத் தாங்காது. ஆகவே அந்த வீட்டின் பிரச்சினை கேபிளில் இல்லை, நிறுவனத்திலும் இல்லை. கேபிள் வந்த வழியில்தான் இருந்தது. வழி கட்டடத்தின் விஷயம். கட்டடத்தின் விஷயம் என்றால் சங்கத்தின் விஷயம்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிச்சுவர், படிக்கட்டு, நடைவழி, மொட்டைமாடி போன்ற பொதுப் பகுதிகள் எல்லா உரிமையாளருக்கும் பொதுவானவை. அவற்றைப் பராமரிப்பது முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடமை. நாங்கள் வழக்கத்தில் சங்கம் என்று சொல்வதும் அதைத்தான். வெளிச்சுவரில் யாரோ ஒருவர் துளைபோட்டு, அந்தத் துளையால் மழைநீர் இறங்கிப் பக்கத்து வீட்டுச் சுவர் ஊறினால், அந்தச் சுவரைத் திருத்துவது பொதுக்காசில்தான்.

சரி, ஒரே வழி என்று முடிவெடுத்தால் அதை இரண்டு விதமாகச் செய்யலாம். சங்கமே கீழே ஒரு பெட்டி வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தன் செலவில் ஃபைபர் இழுத்துவிடலாம். நிறுவனங்கள் கீழ்ப்பெட்டியில் வந்து இணைத்துவிட்டுப் போகும். இல்லாவிட்டால் சங்கம் வெறும் பாதையை மட்டும் அமைக்கலாம். கேபிளை வழக்கம்போல அவரவர் நிறுவனமே இழுக்கும், ஆனால் அந்தப் பாதைக்குள்ளால் மட்டும்.

முதலாவது பார்க்க நல்லது. சிலர் அதைத்தான் கேட்பார்கள் என்று தெரியும். இடையில் இரண்டு இணைப்பி கூடுவதால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் அது அரை டெசிபெல், ஒரு டெசிபெல் கதை. அதற்காக நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது பொறுப்புக்காக. ஒரு வீட்டில் இணையம் நின்றால் நிறுவனம் கீழ்ப்பெட்டி வரை அளந்துவிட்டு, எங்கள் பக்கம் சரி, மிச்சம் உங்கள் சங்கத்தின் கேபிள் என்று சொல்லும். அதன் பிறகு யார் அளப்பது? சங்கத்திடம் வெளிச்சம் அளக்கும் கருவியும் இல்லை, இழையை உருக்கி ஒட்டும் இயந்திரமும் இல்லை. ஒவ்வொரு பழுதுக்கும் ஆளைத் தேடி, காசு கொடுத்து, செயலாளர் அண்ணாவின் தொலைபேசிதான் ஓயாமல் அடிக்கும். பாதை மட்டும் எங்களுடையது என்றால், கம்பத்திலிருந்து ரவுட்டர் வரை ஒரே கேபிள், ஒரே பொறுப்பு. 16 வீட்டுக் கட்டடத்துக்கு இதுதான் பொருத்தம். நூறு வீடுள்ள கட்டடமாக, சம்பளத்துக்கு ஒரு பராமரிப்பாளரும் இருந்தால் நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அப்புறம் பாதை எது என்ற கேள்வி. கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

“தெருப் பக்கச் சுவரில், தரிப்பிடக் கூரைக்குக் கீழே, ஒரே ஒரு நுழைவாயில். அங்கிருந்து மேற்குப் படிக்கட்டின் உள்மூலையில் 50க்கு 50 மில்லிமீற்றர் மூடியுள்ள பிளாஸ்டிக் கேசிங் நேராக நான்காம் மாடி வரை. ஒவ்வொரு மாடியிலும் நடைவழிக் கூரையோரமாக 25க்கு 16 மில்லிமீற்றர் கேசிங் இரண்டு பக்கமும் பிரிந்து, ஒவ்வொரு வீட்டின் வாசல் நிலைக்கு மேலே ஒரு 25 மில்லிமீற்றர் குழாயால் உள்ளே போகும். இதைத் தவிர வெளிச்சுவரிலோ யன்னலிலோ மொட்டைமாடியிலிருந்தோ எந்தப் புதிய ஃபைபர் கேபிளும் வரக்கூடாது.”

மின்சார மீற்றர்களின் வயர்கள் ஏறும் டக்ட் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்குள்ளேயே விடலாமே என்று ஒருவர் கேட்டார். ஃபைபர் கண்ணாடி என்பதால் பக்கத்தில் மின்சாரம் போவது அதைப் பாதிக்காது. பிரச்சினை ஆளுக்கு. இணைப்புக் கொடுக்க வரும் ஒவ்வொரு இளைஞனும் பிரதான மின்வயர்கள் திறந்து கிடக்கும் ஒரு குழிக்குள் கையை விட்டுக் கேபிள் இழுக்க வேண்டி வரும். அதோடு கம்பத்திலிருந்து வரும் கேபிளின் ஒரு பக்கத்தில் அதைத் தாங்கும் உருக்குக் கம்பி ஒட்டியிருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். டக்ட் வேண்டாம்.

அந்த உருக்குக் கம்பியைப் பற்றிக் கடிதத்தில் தனியாக ஒரு வரி வைத்திருக்கிறேன். கம்பத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் கேபிள் தொங்க அது தேவை. சுவருக்கு வந்தவுடன் வேலை முடிந்தது. நுழைவாயிலுக்கு வெளியே கொக்கியில் அதைக் கட்டி, அங்கேயே பிளந்து வெட்டிவிட்டு, மெல்லிய தட்டைக் கேபிளை மட்டும் உள்ளே விடவேண்டும். வெட்டாமல் விட்டால் ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் காலத்தில் தெருவிலிருந்து வீட்டு ரவுட்டர் வரை ஒரு உலோகக் கம்பியை நாமே இழுத்து விட்டதாக இருக்கும். எங்கள் கட்டடத்தில் இப்போது பாதிக் கேபிள்கள் அப்படித்தான் வீடு வரை போகின்றன. கம்பியில் ஏறிய துரு சுவரில் வடிந்து செம்மஞ்சள் கோடாக நிற்பதை வைத்தே அவற்றை அடையாளம் காணலாம்.

இடம் போதுமா என்று கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். கணக்கு எளிது. ஒரு வீட்டுக்கு இரண்டு கேபிள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் மாற்றும்போது பழையது போகுமுன் புதியது வரும். 16 வீட்டுக்கு 32 கேபிள். உருக்குக் கம்பி கழற்றிய தட்டைக் கேபிள் ஏறத்தாழ 2க்கு 3 மில்லிமீற்றர்தான். கொஞ்சம் தடித்த வகையும் வரலாம் என்று 10 சதுர மில்லிமீற்றர் வைத்தால் மொத்தம் 320. 50க்கு 50 கேசிங்கின் உள்பரப்பு கிட்டத்தட்ட 2,500. பாதிக்குக் குறைவாக, 40 வீதம் வரை மட்டுமே நிரப்ப வேண்டும் என்பது வழக்கம். அதன்படி 1,000 வரை கொள்ளும். மூன்று மடங்கு இடம் இருக்கிறது. மாடிகளில் பிரியும் சின்னக் கேசிங்கில் எட்டுக் கேபிளும் ஒரே பக்கம் போனாலும் 400க்கு 80. அந்த 40 வீதக் கணக்கைச் சும்மா வைக்கவில்லை. நிறைந்த கேசிங்கில் புதுக் கேபிளை இழுத்தால் பழையவற்றோடு உரசி, எங்கோ ஒன்றை மடக்கிவிடும். அப்போது இணையம் போவது புதிதாக எடுத்தவருக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு.

மூலைகளில்தான் அதிகம் கெட்டுப்போகும். நிலைக்குத்தான கேசிங்கும் மாடிக் கேசிங்கும் சேரும் இடத்தில் 90 பாகை கூரான மூலை வந்தால் கேபிளை அதில் அழுத்தி மூடியைப் பூட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு மாடியிலும் சேருமிடத்தில் ஒரு சிறு சதுரப் பெட்டி கேட்டிருக்கிறேன். கேபிள் அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு வளைந்து திரும்பலாம். ஒவ்வொரு கேபிளிலும் ஒரு சுற்று மிச்சம் வைக்கவும் அது இடம் தரும். நாளைக்கு ஒரு முனை உடைந்தால் அந்த மிச்சத்தை இழுத்துப் புது முனை போடலாம், கம்பத்திலிருந்து மறுபடி இழுக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் கட்டு நாடாவை இறுக்கிக் கட்டுவதும் யன்னல் செய்த அதே வேலையைத்தான் செய்யும். பெட்டிகளுக்குள் ஒட்டுப்பட்டி நாடா போதும்.

படிக்கட்டு என்பதால் தீயையும் நினைக்க வேண்டும். எல்லோரும் ஓடி வெளியேறும் வழி அது. பிளாஸ்டிக் கேசிங் சூட்டில் இளகி விழுந்தால் உள்ளே இருக்கும் 32 கேபிள்களும் கழுத்து உயரத்தில் கண்ணி போலத் தொங்கும். புகையில் வருகிறவருக்கு அது தெரியாது. ஆகவே மீற்றருக்கு ஒன்றாக உலோகப் பிடி வைத்துக் கேபிள்களைச் சுவரோடு பிடிக்க வேண்டும். உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்பு ஆணி இரண்டு மழைக்கு மேல் நிற்காது, துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் பிடியும்தான் வேண்டும். தளத்தைத் துளைத்து மேலே போகும் ஒவ்வொரு இடத்திலும், கேபிள் போட்ட பிறகு மிச்ச ஓட்டையைத் தீத்தடுப்புப் பசையால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் கீழ்த் தரிப்பிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எரிந்தாலும் அந்தப் புகை அந்த ஓட்டையால் நான்காம் மாடிக்கு ஏறும். இந்த ஒரு விஷயத்தில் செலவைக் குறைக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். உள்ளே வரும் கேபிளின் மேலுறையும் எரியும்போது நச்சுப்புகை குறைவாக விடும் வகையாக இருக்க வேண்டும் என்று நிறுவனங்களிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்கலாம்.

நுழைவாயிலின் குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். கேபிள் அதற்குள் நுழையுமுன் கீழே இறங்கி, பிறகு மேலேறி வரவேண்டும். வாடையில் தண்ணீர் கேபிள் வழியே வழிந்து வரும்போது அந்தத் தாழ்ந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. இது ஒரு சதமும் செலவில்லாத வேலை. ஆனால் சொல்லாவிட்டால் யாரும் செய்வதில்லை.

மொட்டைமாடியில் சில வீடுகளின் 4ஜி அன்டெனாக்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து இறங்குவது செம்பு வயர். அதை இந்தப் பாதையில் சேர்க்கவில்லை. கூரையில் நிற்கும் உலோகத்திலிருந்து வரும் செம்பை ஃபைபரோடு ஒரே கேசிங்கில் விடுவது, கண்ணாடி இழையால் கிடைத்த பாதுகாப்பை வீணாக்குவது போலாகும். அவற்றுக்கு மின்னல் காப்போடு தனிக் குழாய் வேண்டும், அது வேறு கடிதம்.

இனிக் கஷ்டமான பகுதி, ஏற்கெனவே சுவரில் இருக்கும் கேபிள்கள். எண்ணிப் பார்த்தபோது தெருப் பக்கத்தில் மட்டும் 27 இருந்தன. இணைப்பு இருக்கும் வீடுகளோ 14. மிச்சம் எல்லாம் நிறுவனம் மாற்றியவர்களும் குடி மாறிப் போனவர்களும் விட்டுச் சென்றவை. யாரும் அவற்றைக் கழற்றாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, எது உயிரோடு இருக்கிறது என்று தெரியாத பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே சுவரிலிருந்து தொடங்கக்கூடாது, வீட்டுக்குள்ளிருந்து தொடங்க வேண்டும். 14 வீட்டிலும் ரவுட்டரில் செருகியிருக்கும் கேபிளைப் பிடித்து, அது சுவரைத் தாண்டும் இடம் வரை போய், வெளியே அதே கேபிளில் வீட்டு எண்ணோடு ஒரு பட்டி கட்ட வேண்டும். எல்லா வீடும் முடிந்த பிறகு பட்டி இல்லாமல் நிற்பவை எவையோ அவைதான் சந்தேகத்துக்குரியவை. அவற்றையும் உடனே வெட்டக்கூடாது. நிறுவன ஆளை அழைத்து, கம்பத்துப் பெட்டியில் எந்த முனையிலும் செருகப்படவில்லை என்று உறுதிசெய்த பிறகு கழற்றலாம். ஒன்று முக்கியம்: வெட்டிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக்கூடாது. அதில் வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத அலைநீளம். தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகாது.

உயிரோடு இருக்கும் 14ஐயும் ஒரே வாரத்தில் புதுப் பாதைக்கு மாற்றச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, “தம்பி, என்ர இணையம் நல்லா வேலை செய்யுது, அதில கை வைக்காதீங்க” என்றார். அவர் சொல்வது சரி. பழைய கேபிளை அப்படியே தூக்கிப் புது வழிக்குள் போட முடியாது. நீளம் போதாது, நடுவில் வெட்டி ஒட்டினால் இழப்புக் கூடும். பெரும்பாலும் கம்பத்திலிருந்து புதிதாக இழுக்க வேண்டும், அதற்கு நிறுவனம் காசு கேட்கலாம். ஆகவே விதி இப்படி: புதிய இணைப்பு எல்லாம் புதுப் பாதையால். பழையது பழுதானாலோ, வீடு கைமாறினாலோ, நிறுவனம் மாறினாலோ அப்போது புதுப் பாதைக்கு. யன்னலால் வரும் நான்கை மட்டும் சங்கம் முதலில் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் மாடி நானா, 16 வீட்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய இணைப்பு எடுத்துப் பகிர்ந்தால் என்ன என்று கேட்டார். வீட்டு இணைப்பை அப்படிப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க ஒப்பந்தம் பொதுவாக விடாது. அது நின்றால் எல்லோருக்கும் நிற்கும். ஆனால் அவர் கேட்ட இரண்டாவது விஷயத்தை அப்படியே கடிதத்தில் சேர்த்துவிட்டேன். மாடிப் பெட்டிகளின் சாவி யாரிடம் இருக்கும்? செயலாளரிடம் மட்டும் இருந்தால் அவர் வேலைக்குப் போன நேரம் வரும் டெக்னீசியன் மறுபடி யன்னலைத்தான் தேடுவார். கடிதத்தின் கடைசிப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

“சாவியின் ஒரு பிரதி காவலாளியிடம் இருக்கும். அதோடு ஒரு கொப்பியும் இருக்கும். வரும் ஒவ்வொருவரும் திகதி, வீட்டு எண், எந்த நிறுவனம், புதியதா கழற்றியதா, முடித்தபின் ரவுட்டரில் காட்டிய `Rx Power` எண் ஆகியவற்றை எழுதிவிட்டுப் போகவேண்டும். கேபிளின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டியிலும் வீட்டு எண் ஒட்டப்பட வேண்டும். இணைப்பை நிறுத்துபவர் கேபிளைக் கழற்றுவிக்க வேண்டும், அதுவரை பராமரிப்புக் கணக்குத் தீர்க்கப்படாது. இந்த வேலைக்கு இரண்டு எலெக்ட்ரீசியன்மாரிடம் விலை கேட்டு, அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்க அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கச்சான் அடிக்கும் மாதங்களில் சுவர் காய்ந்திருக்கும்போதே துளைகளைப் போட்டு அடைத்து, செப்டெம்பருக்குள் முடித்துவிட வேண்டும்.”

அந்தக் கொப்பியின் கடைசி நிரலை, அதாவது எண்ணை எழுதும் இடத்தை, தேவையில்லை என்று யாராவது வெட்டச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்க மாட்டேன். இணைப்புக் கொடுத்த நாளில் `-20` என்று எழுதியிருந்து, ஒரு வருடத்தில் `-25` ஆகியிருந்தால், இணையம் நிற்கும் முன்பே எங்கோ கேபிள் மடங்குகிறது என்று தெரியும். முதல்நாள் எண் இல்லாவிட்டால் `-25` என்பதும் தாக்குப்பிடிக்கும் அளவுக்குள்தான், டெக்னீசியன் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அக்கா வீட்டில் அப்படித்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்கள்.